மழை நேரத்தில் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு

“தம்பி, வானம் இருட்டுனாலே எனக்கு வயித்தக் கலக்குது. மழை பிடிச்சா நெட்டு போயிடுது. பிள்ளைங்க அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்கு.”

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், மாலை ஐந்து மணிக்கு இணையத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். ஐப்பசி பிறந்ததிலிருந்து அவர் சொல்லும் புகார் இது ஒன்றுதான். அந்தப் பகுதி முழுக்க லைன் பார்க்கும் இளைஞர் முதல் முறை வந்தபோது மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சை. வேகத்தைச் சோதித்தார், குறையில்லை. “இப்ப நல்லா இருக்கே டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மழை பெய்தது, லைன் போனது.

மழையில் லைன் போனால் கம்பிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றுதான் நம் ஊரில் எல்லாருக்கும் தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. பழைய தரைவழித் தொலைபேசியில் வீட்டுக்கு இரண்டு செம்புக் கம்பிகள் வரும். மின்சாரம் அவற்றில் ஓடும். இணைப்பில் ஈரம் ஏறினால் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கசியும், காதில் கரகரவென்று இரைச்சல் கேட்கும். இன்று டீச்சர் வீட்டுக்கு வருவது செம்பு இல்லை, கண்ணாடி இழை. அதில் ஓடுவது வெளிச்சம். கேபிளின் மேல் எவ்வளவு மழை கொட்டினாலும் உள்ளே ஓடும் வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால் மழைக்கும் இந்த லைனுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது முறை வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “லைன் போறப்ப எந்த லைட் சிவப்பா எரியுது?” டீச்சர் கவனித்து வைத்திருந்தார். LOS என்று எழுதியிருக்கும் விளக்கு. அந்த விளக்கு சிவந்தால், மோடத்துக்குத் தேவையான அளவு வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். மின்தடையாக இருந்தால் எல்லா விளக்குமே அணைந்திருக்கும். வைஃபை கோளாறாக இருந்தால் இந்த விளக்கு சிவக்காது. ஆக, கோளாறு வீட்டுக்கு வெளியே, கேபிளில் எங்கோ இருக்கிறது.

தெருமுனை போஸ்டில் ஒரு கறுப்புப் பெட்டி. வரும் வெளிச்சத்தை எட்டு வீட்டுக்குப் பங்கு போடும் ஸ்ப்ளிட்டர் அதற்குள் இருக்கிறது. ஏணி வைத்து ஏறித் திறந்தார். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, மூலையில் எறும்புப் புற்று, டீச்சர் வீட்டுப் பச்சை கனெக்டரின் நுனியில் மண் கறை. காரணம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். யார்தான் நினைக்கமாட்டார்கள்? நுனியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், புற்றைச் சுரண்டினார், மூடியின் ரப்பரை மாற்றி இறுக்கினார். மூன்று நாள் கழித்து மழை பெய்தது. LOS மறுபடியும் சிவந்தது.

இந்த இடத்தில் பலர் மோடத்தை மாற்றிப் பார்ப்பார்கள், அல்லது கேபிள் முழுவதையும் புதிதாக இழுப்பார்கள். இவர் மூன்றாவது முறை பவர் மீட்டரோடு வந்தார். கைக்குள் அடங்கும் அந்தக் கருவி, இழையில் வரும் வெளிச்சத்தின் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும். கழித்தல் குறியோடு வரும் எண் அது. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். அதிலிருந்து மூன்று இறங்கினால் வெளிச்சம் பாதியாகும், பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்காகும். வீடுகளில் வைக்கும் சாதாரண மோடம் ஏறக்குறைய கழித்தல் 27 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் கண் தெரியாது.

டீச்சர் வீட்டில் நல்ல வெயிலில் கழித்தல் 24.5 காட்டியது. லைன் ஓட அது போதும். ஆனால் அதே பெட்டியிலிருந்து ஏறக்குறைய அதே நீளக் கேபிள் போகும் எதிர்வீட்டில் கழித்தல் 21. மழையே இல்லாத நாளிலும் டீச்சர் வீட்டுக்குப் பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் வந்துகொண்டிருந்தது. முதல் முறை வந்தபோது வேகத்தை மட்டும் சோதித்ததில் இது தெரியவில்லை. எல்லைக்கு மேலே இருக்கும்வரை வேகம் குறையாது, எல்லையைத் தாண்டினால் லைனே இருக்காது. இரண்டுக்கும் நடுவே எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

மோடத்தின் உள்பக்கத்திலும் இந்த எண்ணைப் பார்க்கலாம். Rx Optical Power என்ற வரியைக் கைபேசித் திரையில் எடுத்துக் காட்டி, “மழை பெய்யறப்ப பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இத எழுதி வைங்க டீச்சர்” என்றார். கணக்கு டீச்சரிடம் சொன்ன வேலை அல்லவா? அடுத்த மழைக்கு நோட்டில் நேரமும் எண்ணும் கோடு போட்ட பத்தியாக ஏறியிருந்தன. மூன்று மணிக்கு மழை தொடங்கியபோது 24.5. பத்து நிமிடத்தில் 24.7. இருபது நிமிடத்தில் 26. மூன்றரைக்கு விளக்கு சிவந்தது. நாலு மணிக்கு மழை விட்டது, லைன் வரவில்லை. ஐந்தே காலுக்குத்தான் வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: “காத்து அடிச்சப்ப நடுவுல ரெண்டு தடவ வந்து வந்து போச்சு.”

முடிச்சு அவிழ்ந்தது அந்த நோட்டில்தான். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது ஒரு மணி நேரத்தில் வற்றாது, நாள் கணக்கில் தொந்தரவு கொடுக்கும். காற்று அடித்தால் லைன் வந்து வந்து போகவும் செய்யாது. மழை தொடங்கி அரை மணியில் மெல்ல மெல்லக் கெட்டு, மழை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து மெல்லச் சரியாகிறது என்றால், ஈரத்தில் கனத்து, காய்ந்ததும் லேசாகும் ஏதோ ஒன்று கேபிளைத் தொடுகிறது.

அவர் போஸ்டிலிருந்து வீடுவரை கேபிளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எழுபது மீட்டர். நடுவில் பக்கத்து வீட்டுக் கொல்லை, அதில் ஒரு மூங்கில் கொத்து. வெயிலில் அதன் நுனிகள் கேபிளுக்கு இரண்டு சாண் மேலே நின்றன. மூங்கிலை மழையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயிரக்கணக்கான சிறு இலைகள் நீரைப் பிடித்துக்கொள்ள, கழி முழுவதும் வில்லாக வளைந்து தரையை நோக்கித் தாழும். இலை காய்ந்ததும் நிமிர்ந்துவிடும்.

மூங்கில் கேபிளை அழுத்துவது மட்டும் லைனைக் கெடுக்காது. அப்படி இழுபடும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தக் கேபிளைச் செய்திருக்கிறார்கள். தட்டையான அந்தக் கறுப்பு உறையின் ஒரு விளிம்பில் எஃகுக் கம்பி ஓடும். இன்னொரு பக்கம் 0.125 மில்லிமீட்டர் தடிப்பில் கண்ணாடி இழை. சுவரில் வைக்கும் கிளாம்ப் எஃகுக் கம்பியை மட்டும் பிரித்துப் பிடிக்கும். பாரமெல்லாம் எஃகின் மேல் இறங்கும், இழை தளர்வாகத் தொங்கி வீட்டுக்குள் போகும். டீச்சர் வீட்டுச் சன்ஷேடுக்கு அடியில் கிளாம்ப் இல்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்ததும் கேபிளை ஓர் ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். எஃகும் இழையும் சேர்ந்தே அந்த ஆணியில் வளைந்திருந்தன.

இழைக்குள் வெளிச்சம் ஏன் வளைந்து போகிறது, எப்போது தப்பி ஓடுகிறது என்பதற்கு ஓர் அழகான பழைய சோதனை உண்டு. 1840களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் டேனியல் கொலாடன், தொட்டியின் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். வெளிச்சம் நீரை விட்டு வெளியேறாமல், தாரையின் வளைவோடு வளைந்து கீழே இறங்கியது. சாய்வாக வந்து விளிம்பைத் தொடும் ஒளி திரும்ப உள்ளேயே எதிரொளிக்கிறது. கண்ணாடி இழையிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் வளைவு மிகவும் இறுகினால் ஒளி விளிம்பில் மோதும் கோணம் மாறிவிடும், ஒரு பகுதி வெளியே கசிந்துவிடும். பழைய வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது என்பார்கள். பிறகு வந்த வகைகள் 10, அதைவிடக் குறைவாகவும் தாங்கும். ஆணியில் இருந்த சுற்று சுண்டுவிரல் தடிப்புக்கு இறுகிக் கிடந்தது.

வெயிலிலும் வெளிச்சம் பாதியாக இருந்ததற்குக் காரணம் அந்தச் சுற்றுதான். மழையில் மூங்கில் கேபிளை அழுத்த, சுற்று இன்னும் இறுகி, மிச்சமும் கசிந்தது. ஆணிப் பக்கம் இருக்கலாம் என்று முன்பே தோன்றியிருந்தாலும், கசிவைக் காட்டும் சிவப்பு லேசர் பேனா இங்கே உதவியிருக்காது. கறுப்பு உறை அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும்.

ஊகம் சரிதானா என்று பார்க்காமல் அவர் கத்தியை எடுக்கவில்லை. போஸ்டுப் பெட்டியின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார், டீச்சர் கையிலிருந்த மீட்டரில் எண் அசையவில்லை. பிறகு கொல்லைக்காரப் பெரியவர் மூங்கில் நுனியில் கயிறு கட்டி மெல்ல இழுத்தார். டீச்சர் ஜன்னலிலிருந்து சத்தமாக வாசித்தார்: “இருபத்தஞ்சு… இருபத்தாறரை… இருபத்தெட்டு தம்பி!” கயிற்றை விட்டதும் 24.5. ஒரு சொட்டு மழையில்லாமல், கொளுத்தும் வெயிலில் லைன் போய்த் திரும்பி வந்தது.

“மூங்கில வேணும்னா வெட்டிக்கங்க தம்பி” என்றார் பெரியவர். அவர் வெட்டவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் அது மறுபடி வளர்ந்துவிடும். கேபிளைத் தெருப்பக்கமாகத் திருப்பினார், அதற்கு இருபது மீட்டர் கூடுதலாக வேண்டியிருந்தது. இரண்டு முனையிலும் கிளாம்ப் வைத்து எஃகுக் கம்பியைப் பிடிக்க விட்டார். ஆணியில் நசுங்கிய கேபிளை ஒதுக்கிவிட்டு, முனையில் புது கனெக்டர் போட்டார். மிச்சக் கேபிளைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருட்டிக் கட்டினார். மீட்டர் கழித்தல் 21.2 காட்டியது. அந்த வாரம் இரவு முழுக்கக் கொட்டிய மழையில் டீச்சரின் நோட்டில் ஏறிய எண்களில் மிக மோசமானது 21.3.

மழையில் போகும் லைன் எல்லாவற்றுக்கும் காரணம் மூங்கிலும் ஆணியும் இல்லை. தெருவே சேர்ந்து இழந்தால் மெயின் கேபிளையோ, மின்சாரம் போன நிலையத்தையோ சந்தேகிக்க வேண்டும். மழை விட்டு இரண்டு நாளானாலும் சரியாகாவிட்டால் பெட்டியிலோ இணைப்பிலோ ஈரம் நிற்கலாம். உங்கள் வீட்டில் அடுத்த மழைக்கு லைன் போனால், போன் செய்வதற்கு முன் ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த விளக்கு சிவந்தது, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் போனது, மழை விட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது. வருபவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.