நூற்றெட்டு ரூபாய் எங்கே?
(தொடர்: சம்பளக் காகிதங்கள்)

கோவையில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகர், தன் பி.எஃப். பாஸ்புக்கின் படத்தை அனுப்பியிருந்தார். 2020-21ஆம் ஆண்டுக்கான பக்கம். கூடவே ஒரு கேள்வி: "சம்பளச் சீட்டுகளைக் கூட்டினால் அந்த வருஷம் என்னிடம் பிடித்தது 19,278 ரூபாய். பாஸ்புக்கில் 19,170தான் இருக்கிறது. 108 ரூபாய் எங்கே போனது? நடுவில் மூன்று மாதம் கம்பெனி போட்ட பணமும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?"

அந்தப் படத்தை மாத வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அதை இந்த வாரம் செய்துவிடலாம். தொகைகளை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இப்படிப் படம் அனுப்புகிறவர்கள் யு.ஏ.என். எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் 3 எது, 8 எது என்று தெரியும்.

பாஸ்புக்கின் ஒவ்வொரு வரியிலும் மாதத்தைக் குறிக்கும் விஷயங்கள் மூன்று இருக்கின்றன. குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலாவது Wage Month, அதாவது எந்த மாதச் சம்பளத்துக்கான பிடித்தம் என்பது. இரண்டாவது, பணம் கணக்கில் ஏறிய தேதி. மூன்றாவது, விவரம் என்ற இடத்தில் `Cont. For Due-Month 042020` என்பது போல் வரும் எண். 042020 என்றால் 2020 ஏப்ரலில் கட்டியிருக்க வேண்டிய பணம் என்று பொருள். ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். எனவே 042020 என்பது மார்ச் மாதச் சம்பளத்தின் பணம். பலரும் இதை ஏப்ரல் சம்பளம் என்று எழுதிவிடுகிறார்கள். பட்டியல் முழுவதும் ஒரு மாதம் தள்ளிப்போய்விடுகிறது.

தேதியை நம்பி எழுதினால் இந்த ஆண்டில் இன்னொரு சிக்கலும் வரும். ஊரடங்கு காரணமாக, 2020 மார்ச் சம்பளத்துக்கான பணத்தைக் கட்டும் கெடுவை ஏப்ரல் 15இலிருந்து மே 15க்குத் தள்ளிவைத்தார்கள். இந்த ஆலையும் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டது. அதனால் மார்ச் சம்பளத்தின் பணமும் ஏப்ரல் சம்பளத்தின் பணமும் மே மாதத் தேதியிலேயே ஏறியிருக்கின்றன. தேதியைப் பார்த்து அடுக்கினால் ஏப்ரலில் ஒன்றுமே இல்லை, மே மாதத்தில் இரண்டு தடவை என்று தோன்றும். தேதியை ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலுக்குத் தலைப்பாகச் சம்பள மாதத்தை மட்டும் வையுங்கள்.

அடுத்து மூன்று பணப் பத்திகள்: ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன். ஊழியரிடம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். நிறுவனமும் 12 சதவீதம் தருகிறது. ஆனால் அது முழுதாக ஒரே பத்தியில் வராது. 8.33 சதவீதம் பென்ஷன் பத்திக்குப் போய்விடும். மிச்சம்தான் நிறுவனப் பங்கு என்ற பத்தியில் நிற்கும். "கம்பெனி என் அளவுக்குப் போடவில்லை" என்ற புகார்களில் பெரும்பாதி, இந்தப் பிரிவினையைக் கவனிக்காததால் வருவது.

நம் வாசகருக்கு அந்த ஆண்டு செப்டம்பர் வரை பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 13,500. அதில் 12 சதவீதம் 1,620. பென்ஷனுக்கு 8.33 சதவீதம், முழு ரூபாயாக்கினால் 1,125. மீதி 495 நிறுவனப் பங்கு. அக்டோபரில் சம்பளம் 14,400 ஆனது. ஊழியர் பங்கு 1,728, பென்ஷன் 1,200, நிறுவனப் பங்கு 528. ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டையும் கூட்டினால் முதல் தொகை வர வேண்டும். மங்கலான படத்தைப் படிக்கும்போது இதைவிட நல்ல துணை கிடையாது. ஒரு எண் தெளிவில்லை என்றால் மற்ற இரண்டும் அதைச் சொல்லிவிடும்.

| சம்பள மாதம் | ஊழியர் | நிறுவனம் | பென்ஷன் |
|---|---|---|---|
| மார்ச் 2020 | 1,620 | 495 | 1,125 |
| ஏப்ரல் | 1,620 | 495 | 1,125 |
| மே | 1,350 | 225 | 1,125 |
| ஜூன் | 1,350 | 225 | 1,125 |
| ஜூலை | 1,350 | 225 | 1,125 |
| ஆகஸ்ட் | 1,620 | 495 | 1,125 |
| செப்டம்பர் | 1,620 | 495 | 1,125 |
| அக்டோபர் | 1,728 | 528 | 1,200 |
| நவம்பர் | 1,728 | 528 | 1,200 |
| டிசம்பர் | 1,728 | 528 | 1,200 |
| ஜனவரி 2021 | 1,728 | 528 | 1,200 |
| பிப்ரவரி | 1,728 | 528 | 1,200 |
| மொத்தம் | 19,170 | 5,295 | 13,875 |

மே, ஜூன், ஜூலை மூன்று மாதங்களைப் பாருங்கள். ஊரடங்கில் கையில் கொஞ்சம் பணம் புரளட்டும் என்று, அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டும் பி.எஃப். விகிதத்தை 12 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக அரசு குறைத்தது. பென்ஷனுக்கான 8.33 சதவீதத்தில் கை வைக்கவில்லை. ஆகவே நிறுவனம் தரும் 1,350இல் பென்ஷனுக்கு வழக்கம்போல் 1,125 போய், மீதி 225 மட்டும் நின்றது. விகிதத்தில் குறைந்தது இரண்டு சதவீதப் புள்ளிதான். ஆனால் அந்தக் குறைவு முழுவதும் ஒரே பத்தியின் தலையில் விழுந்ததால், 495 என்பது 225 ஆகிவிட்டது. வாசகரின் இரண்டாவது சந்தேகம் இதோடு தீர்ந்தது. சட்டப்படிதான் குறைந்திருக்கிறது. அதே மாதங்களில் அவர் கையில் வாங்கிய சம்பளம் 270 ரூபாய் கூடியிருக்கும். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

உங்கள் படத்தில் இந்த மூன்று மாதங்களிலும் குறைவே இல்லாமல் 12 சதவீதம் நின்றால் அதற்கும் காரணம் உண்டு. மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு இந்தக் குறைப்பு பொருந்தவில்லை. நூறு பேர் வரை வேலை பார்த்து, அவர்களில் 90 சதவீதம் பேர் 15,000க்குக் கீழ் சம்பளம் வாங்கிய இடங்களில், தகுதியான ஊழியர்களுக்கு இரு தரப்புப் பங்கையும் அரசே கட்டியது, அவர்களுக்கும் குறையவில்லை. நம் வாசகரின் ஆலை பெரியது.

பட்டியலை வாசகர் முதலில் தானே எழுதி அனுப்பியிருந்தார். அதில் நிறுவனப் பங்கின் கூட்டல் 5,349. படத்தின் அடியில் Total Contributions for the year என்ற வரியில் அச்சாகியிருந்தது 5,295. வித்தியாசம் 54. ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிற வித்தியாசம் வந்தால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கணக்குப் பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகம் இங்கே பலித்தது. நவம்பர் வரியில் 528க்குப் பதில் 582 என்று எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் சோதித்திருந்தாலும் சிக்கியிருக்கும்: 582உடன் 1,200 சேர்த்தால் 1,782, ஊழியர் பங்கோ 1,728.

இந்தச் சோதனை பொருந்தாத கணக்குகளும் உண்டு. வி.பி.எஃப். என்று விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னவர்களுக்கு ஊழியர் பங்கு பெரிதாக இருக்கும். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக, 15,000க்கு மேற்பட்ட சம்பளத்தில் பி.எஃப்.பில் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் பத்தியில் பூஜ்யம்; நிறுவனத்தின் 12 சதவீதமும் நிறுவனப் பங்கிலேயே வரும். சொந்த டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்தும் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பாஸ்புக்கில் தங்கள் சேமிப்பைத் தேடவே வேண்டாம். அந்தக் கணக்கு டிரஸ்டிடம் இருக்கும்.

ஏதாவது ஒரு மாதத்துக்கு வரியே இல்லை என்றால், பட்டியலில் 0 போடாதீர்கள். "பதிவு இல்லை" என்று எழுதுங்கள். சம்பளமே இல்லாத விடுப்பில் இருந்தால் அது சரிதான். சம்பளச் சீட்டில் பிடித்திருந்தும் இங்கே வரி இல்லை என்றால் அது வேறு சங்கதி, விசாரிக்க வேண்டியது. ஒரே மாதம் இரண்டு வரியில் வந்தால் பெரும்பாலும் நிலுவைச் சம்பளமாக இருக்கும். இரண்டையும் அந்த மாதத்திலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி அந்த 108 ரூபாய். பட்டியலின் முதல் வரியும் கடைசி வரியும் எந்த மாதங்கள்? மார்ச் 2020, பிப்ரவரி 2021. பி.எஃப். ஆண்டு என்பது ஏப்ரலில் கட்ட வேண்டிய பணத்தில் தொடங்கி மார்ச்சில் கட்ட வேண்டிய பணத்தில் முடிகிறது. சம்பள மாதமாகப் பார்த்தால் அது மார்ச் முதல் பிப்ரவரி வரை. வாசகர் கூட்டியதோ ஏப்ரல் 2020 முதல் மார்ச் 2021 வரையிலான சம்பளச் சீட்டுகளை. வருமான வரிக்கான படிவம் 16உம் அந்தக் கணக்கில்தான் வரும். இரண்டிலும் பதினொரு மாதங்கள் பொது. பாஸ்புக்கில் கூடுதலாக இருப்பது 2020 மார்ச்சின் 1,620. சம்பளச் சீட்டுகளில் கூடுதலாக இருப்பது 2021 மார்ச்சின் 1,728. கழித்தால் 108.

சம்பளம் உயராமலும் விகிதம் மாறாமலும் இருந்தால் இந்த வித்தியாசம் தலைகாட்டாது. அதனால்தான் பல வருஷம் சரியாக வந்தது ஒரு வருஷம் மட்டும் இடிக்கிறது என்று தோன்றும். வரிக் கணக்குக்கு மொத்தம் வேண்டுமானால் பாஸ்புக்கின் மொத்த வரியை அப்படியே எடுக்காமல், முதல் வரியைக் கழித்து, அடுத்த ஆண்டுப் பக்கத்தின் முதல் வரியைச் சேர்க்க வேண்டும்: 19,170இல் 1,620 போய் 1,728 சேர்ந்தால் 19,278.

அந்த அடுத்த வரி உண்மையிலேயே இருக்கிறதா என்பதைத்தான் வாசகர் பார்க்க வேண்டும். 2021-22 பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்கினேன். முதல் பங்களிப்பு வரி `Cont. For Due-Month 042021`, 1,728. அதற்கு மேலே, தொடக்க இருப்பாக முந்தைய ஆண்டின் வட்டியும் சேர்ந்து நின்றது. ஊழியர், நிறுவனம் இரண்டு பத்திக்கும் வட்டி, பென்ஷனுக்கு மட்டும் இல்லை. "இது ஏன் சார்?" என்று அதற்கும் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். வட்டியை மாதவாரியாகப் போட்டுப் பார்ப்பது அடுத்த வாரம்.