ஓர் இழை, நூறு நிறம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை, ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் கிடக்கிறது ஐ2ஐ என்ற கேபிள். 2002இல் செயல்பாட்டுக்கு வந்தது. உள்ளே எட்டே ஜோடி கண்ணாடி இழைகள். ஜோடிக்கு 105 நிறங்கள், நிறத்துக்கு விநாடிக்கு 10 ஜிகாபிட் என்று வடிவமைத்தார்கள். பெருக்கினால் 8.4 டெராபிட்.

நிறம் என்றாலும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாமே அகச்சிவப்பு. கண்ணாடி ஒளியை மிகக் குறைவாக விழுங்குவது 1,550 நானோமீட்டரை ஒட்டித்தான். எர்பியம் கலந்த இழைப் பெருக்கி, வரும் நிறங்கள் அத்தனையையும் பிரிக்காமலே வலுவூட்டுவதும் அங்கேதான். அதனால் 1,530 முதல் 1,565 வரையிலான குறுகிய பட்டைக்குள் எல்லா நிறங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. பக்கத்து நிறத்துக்கு இடைவெளி பெரும்பாலும் 0.8 நானோமீட்டர், சில இடங்களில் அதிலும் பாதி. லேசர் ஒரு டிகிரி சூடானால் அதன் நிறம் சுமார் 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். எட்டு டிகிரி ஏறினால் அடுத்தவர் இடத்தில் போய் நிற்கும். ஆகவே ஒவ்வொரு லேசரையும் ஒரு குட்டிக் குளிரூட்டி ஒரே வெப்பத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

இதைவிடச் சுவாரசியமான சிக்கல் இழைக்குள்ளேயே இருந்தது. கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் சற்றே வேறு வேகத்தில் ஓடும். இந்த நிறப்பிரிகை துடிப்புகளை அகலமாக்கிச் செய்தியைக் குழப்பும். எனவே 1980களில், 1,550இல் நிறப்பிரிகையே இல்லாத இழையை உருவாக்கினார்கள். ஜப்பானில் அதை நிறையவே பதித்தார்கள். ஒரு நிறம் போனவரை அது அருமையான இழை.

பல நிறங்களை அனுப்பியதும் நிலைமை மாறியது. எல்லாம் ஒரே வேகத்தில், ஒன்றையொன்று விடாமல் கூடவே ஓடியதால், ஒளி கலந்து புதிய நிறங்கள் பிறந்தன. 193.1, 193.2 டெராஹெர்ட்ஸில் இரண்டு நிறங்கள் போகின்றன என்று கொள்வோம். இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 193.3. மூன்றாவது நிறத்துக்கு ஒதுக்கிய இடமும் சரியாக அதுதான்! எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மூன்றாவது லேசரை அணைத்துவிட்டு, இழையின் மறுமுனையில் நிறமாலைக் கருவியைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் இன்னும் ஒரு முகடு நின்றால், அது கலப்பில் பிறந்தது.

பாடுபட்டு ஒழித்த நிறப்பிரிகையே இதற்கு மருந்தானது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. வேகம் கொஞ்சம் வேறுபட்டால் நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும், கலப்பு வலுப்பெறாது. 1990களில் வந்த புதிய இழைகளில் வேண்டுமென்றே சிறிதளவு நிறப்பிரிகையை விட்டுவைத்தார்கள். அதனால் அகலமாகும் துடிப்புகளை, எதிர்த்திசை நிறப்பிரிகை கொண்ட இழைத் துண்டை இடையில் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஏற்கெனவே மண்ணுக்குள் போன பழைய இழைகளை என்ன செய்வது? நிறங்களையே 1,570க்கு அப்பால் நகர்த்தினார்கள். அங்கே அந்த இழைகளிலும் நிறப்பிரிகை உண்டு.