காலை எட்டு மணி வயிற்றுவலி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை அந்தப் பெண் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருப்பாள். இரவு சீருடையை இஸ்திரி போடும்போது முகம் சுருங்க ஆரம்பிக்கும். திங்கள் காலை ஏழு மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி, குமட்டல், இட்லி இறங்காது. எட்டு மணிக்குக் கண்ணீர். “இன்னைக்கு ஒருநாள் இருந்துக்கோ கண்ணு” என்று அம்மா சொன்னதும் பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடும். பதினொன்றுக்குப் பசிக்கும். வேலையிலிருந்து திரும்பும் அப்பாவுக்கு இது நடிப்பு. பாட்டிக்குக் கண் திருஷ்டி. பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும் அது வெறும் ஆப்சென்ட்.

குழந்தைகள் நல மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் அடிக்கடி பார்க்கிற சித்திரம் இது. ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை இல்லை, பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்வது. எட்டாம் வகுப்புவரை ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் பஸ் ஏறிப் பக்கத்து டவுன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய 14 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி மறுப்பு எனப்படும் இந்த நிலை தலைதூக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மாறுதல்களின்போதுதான். புதுப் பள்ளி, நீண்ட விடுமுறை, வாரக்கணக்கில் படுக்க வைத்த காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு.

இது கட் அடிப்பது இல்லை. இந்த வேறுபாட்டை 1969-இல் இயன் பெர்க் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் தெளிவாக வரையறுத்தார்கள். கட் அடிக்கிற பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் ஊர் சுற்றும், அதற்காக அழாது. பள்ளியை மறுக்கிற பிள்ளை பெற்றோருக்குத் தெரிந்தே வீட்டில் இருக்கும், போகச் சொன்னால் உடைந்துபோகும், மற்றபடி அடங்கிய பிள்ளையாகவே இருக்கும். பள்ளிகள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தண்டிப்பதால் பாதிப் பிரச்சினை அங்கேயே முற்றுகிறது.

வலி பொய்யா? இல்லை. பயப்படுகிற ஒன்றை எதிர்பார்க்கும்போதே மூளை உடலை ஆயத்தப்படுத்துகிறது. அப்போது சுரக்கும் சுரப்பு நீர்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் குமட்டல் வரும். அதே வேளையில் பெருங்குடலை முடுக்கிவிடும், அதனால் முறுக்கும் கழிவறைக்கு ஓடும் அவசரமும். கார்டிசால் என்ற சுரப்பு எல்லோருக்கும் இயல்பாகவே விழித்த அரைமணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பயந்த பிள்ளைக்குக் காலை நேரமே கடினமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அடிக்கடி இப்படி ஆகும்போது குடல் நரம்புகள் கூர்மையாகி, சாதாரண அசைவையும் வலி என்று மூளைக்குச் சொல்லத் தொடங்குகின்றன. பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட கணக்கில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்றுவலி இருந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே உறுப்பு சார்ந்த நோய் தென்பட்டது.

அந்த மிகச் சிலரை விட்டுவிடக் கூடாது என்பதால் முதலில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தொப்புளைவிட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வலி, விடாத வாந்தி ஆகியவை இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். தலைவலியோடு காலை வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. இவை எதுவும் இல்லை, பரிசோதனையும் சரி என்றால் அங்கே நிறுத்த வேண்டும். மூன்றாவது ஸ்கேனும் நான்காவது டாக்டரும் “இன்னும் எதையோ கண்டுபிடிக்கவில்லை” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. பதினைந்து நாள் ஓய்வு என்று எழுதித் தரும் சான்றிதழ் அதைவிடப் பெரிய கெடுதல்.

ஏன் கெடுதல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. “இருந்துக்கோ” என்ற வார்த்தை காதில் விழுந்த நொடியில் பயம் இறங்குகிறது, கூடவே வலியும். வீடு பாதுகாப்பு, பள்ளி ஆபத்து என்று மூளை குறித்துக்கொள்கிறது. பள்ளியில் உட்கார்ந்திருந்தால் பயம் ஏறி, கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதற்கிடையே பாடம் பின்தங்குகிறது, தோழிகள் வேறு பெஞ்சுக்குப் போகிறார்கள், “ஏன் வரல?” என்ற கேள்விக்குப் பதில் இல்லை. திரும்பிப் போவதற்கான விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. அம்மா பாசத்தால் செய்வது வலிக்கு வட்டி கட்டுவதாகிவிடுகிறது.

நடிப்பு என்று சொல்லி வலுக்கட்டாயமாக அனுப்பும் அப்பாவின் வழியும் உதவாது. ஆறு வயதுப் பிள்ளையை அழ அழத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் விட்டால் பலநேரம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பதினான்கு வயதுப் பெண்ணைத் தூக்க முடியாது. அவமானப்படுத்தித் தள்ளினால் அடுத்த நாள் கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

எதிலிருந்து அவள் தப்புகிறாள் என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. கேட்டால் “தெரியல” என்பாள். பெரும்பாலும் அது உண்மையான பதில். இங்கேதான் வீட்டிடம் உள்ள தகவலும் பள்ளியிடம் உள்ள தகவலும் சேர வேண்டும். அம்மா இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதினாள்: வலி எப்போது தொடங்கியது, பூஜ்யம் முதல் பத்துவரை எவ்வளவு, எப்போது நின்றது. வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைக் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விடுப்புகள் முதலில் திங்களிலும் வியாழனிலும்தான் விழுந்திருந்தன, பிறகுதான் மற்ற நாட்களுக்குப் பரவின. அந்த இரண்டு நாளும் முதல் பீரியட் ஆங்கிலம், வரிசைப்படி எழுந்து நின்று பத்தி வாசிக்க வேண்டிய வகுப்பு. பழைய பள்ளியில் முதல் ரேங்க் வாங்கியவள், இங்கே ஒருநாள் எழுத்துக்கூட்டித் தடுமாறினாள், பின் பெஞ்சில் சிரிப்பு. வேறொரு பிள்ளைக்கு இது கழிவறையில் தாழ்ப்பாள் இல்லாததாக இருக்கலாம், பஸ்ஸில் சீண்டுகிறவனாக இருக்கலாம், வீட்டில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அடி, சாதி சொல்லி இழிவு, பாலியல் தொல்லை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று காரணமென்று தெரிந்தால் கீழே சொல்லும் படிப்படியான பழக்கம் பொருந்தாது. ஆபத்து நிஜம். முதலில் அதை நிறுத்த வேண்டும். பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம், பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

நம் பெண்ணுக்காக நடந்த கூட்டத்தில் நாலே பேர்: அம்மா, அப்பா, வகுப்பாசிரியை, அவள். தலைமையாசிரியர் அறையில் பத்துப் பேர் சூழ்ந்து விசாரிப்பதைவிட இது மேல். முதல் வாக்கியத்தை ஆசிரியை சொன்னார்: “வலி நெஜம்னு எங்களுக்குத் தெரியும்மா. அது ஆபத்தில்லைன்னும் தெரியும். வலியோடயே கொஞ்ச நேரம் இங்க இருந்து பார்ப்போம்.” அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டதே பாதி மருந்து. அதன்பின் வீட்டிலும் அதே வாக்கியம்தான்.

முதல் இரண்டு நாள் அப்பாவின் வண்டியில் பிரேயர் முடிந்த பிறகு வருவது. கேட்டில் ஆசிரியை நிற்பார். நூலகத்தில் இரண்டு பீரியட் உட்கார்ந்து விடுபட்ட பாடத்தை எழுதிவிட்டு இடைவேளையில் வீடு. மூன்றாம் நாள் அவளுக்குப் பிடித்த கணக்கு வகுப்பு மட்டும், பழைய தோழி பக்கத்தில். அடுத்த வாரம் மதிய உணவுவரை. ஆங்கில வகுப்புக்குத் தனி ஏணி: நாளை வாசிக்க வேண்டிய பத்தி இன்றே கையில் கிடைக்கும். முதலில் ஆசிரியையிடம் மட்டும் வாசிப்பு, பிறகு ஒரு தோழி முன், பிறகு தன் பெஞ்சுக்கு, கடைசியாக வகுப்புக்கு. ஒரு படியில் பயம் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்த படி. முக்கியமான விதி, பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தண்ணீர் குடித்து, ஆசிரியர் அறைக்கு வெளியே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது வாந்தி இருந்தால்தான் வீட்டுக்குப் போன். கேட்டில் எட்டு என்று அவள் எழுதிய வலி இரண்டாம் பீரியடில் மூன்றாக இறங்கியதை நோட்டில் தன் கையாலேயே எழுதியபோது, எந்தப் புத்திமதியும் சொல்லாத ஒன்றை அவள் கண்டுகொண்டாள்.

வீட்டுக்கும் விதி உண்டு. போகாத நாளிலும் ஆறரைக்கு எழுந்து குளித்துச் சீருடை போட வேண்டும். பள்ளி முடியும் மணிவரை போன், டிவி இல்லை. தண்டனைக்காக இல்லை, வீடு பள்ளியைவிடச் சுவையாக இருந்தால் ஏணி நிற்காது என்பதற்காக. காலையில் “வலிக்குதா?” என்று கேட்கவே கூடாது, கேட்டால் வலிக்கும். திருஷ்டி சுற்றிப் போடுவதில் குற்றமில்லை, பஸ்ஸைத் தவறவிடாதவரை. ஆசிரியையும் அம்மாவும் நாள்தோறும் சாயங்காலம் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி பரிமாறிக்கொள்வார்கள்: எத்தனை பீரியட், எந்தப் படி. பகலில் நாலு முறை போன் செய்து “எப்படி இருக்கா?” என்று கேட்கும் அம்மாவின் பதற்றம் பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

இந்தத் திட்டம் எங்கே உடையும் என்று அனுபவமுள்ளவர்களைக் கேட்டால் கைகாட்டுவது பெரும்பாலும் ஒரே இடத்தை: விஷயம் தெரியாத இன்னொரு ஆசிரியர். “வாங்க மகாராணி, வழி தெரிஞ்சுதா?” என்ற ஒரு வரி இரண்டு வார உழைப்பை அழித்துவிடும். எனவே அந்த வகுப்புக்குப் போகிற எல்லா ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, வந்தால் சாதாரணமாக நடத்துங்கள் என்றால் போதும்.

மூன்று வாரமாகியும் படி ஏறவில்லை, அல்லது பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போய்விட்டது, தூக்கமில்லை, சாவதைப் பற்றிப் பேசுகிறாள் என்றால் ஆசிரியையும் பெற்றோரும் சேர்ந்து சமாளிக்கிற எல்லையைத் தாண்டிவிட்டது. வளரிளம் பருவத்தில் பள்ளி மறுப்புக்குப் பின்னால் மனச்சோர்வு ஒளிந்திருப்பது அரிதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே.

நம் பெண் ஐந்தாவது வாரத்தில் முழு நாளும் உட்கார்ந்தாள். அரையாண்டு விடுமுறை முடிந்த ஜனவரி காலையில் வலி மறுபடி வந்தது, வரும் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். முதல் படிக்கு இறங்கவில்லை, ஒரு படி மட்டும் இறங்கினார்கள்: முதல் பீரியட் நூலகம், இரண்டாவதிலிருந்து வகுப்பு. வியாழக்கிழமைக்குள் பழையபடி. ஆங்கிலத்தில் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், அதற்கு மாலையில் தனி வகுப்பு நடக்கிறது.