கெண்டைக்கால் வலி: சுளுக்கா, குருதி உறைவா?

இதயம் உந்தும் குருதி கால்விரல்வரை எளிதில் இறங்கிவிடுகிறது. அது மீண்டும் மேலேறத் துணைபுரிபவை கெண்டைக்கால் தசைகள். நடக்கும்போது அவை சுருங்கி, தம்மிடையே செல்லும் ஆழ்சிரைகளைப் பிழிகின்றன. சிரைகளின் அடைப்பிதழ்கள் குருதி கீழே திரும்பாமல் தடுக்கின்றன. மாவுக்கட்டினுள் வாரக்கணக்கில் அசையாதிருக்கும் காலிலும், பல மணி நேரப் பயணத்தில் மடங்கியே இருக்கும் காலிலும் இப்பிழிவு குறைகிறது. அவ்வாறு தேங்கும் குருதி சிலருக்குச் சிரைக்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடுகிறது.

இவ்வலியைச் சுளுக்கு எனக் கருதுவது எளிது. ஆயினும் சுளுக்குக்குப் பெரும்பாலும் ஒரு கணம் உண்டு. ஓடும்போதோ படியேறும்போதோ 'சுரீர்' என இழுத்தது நினைவிலிருக்கும். அத்தசையை இயக்கினால் வலி மிகும். உறைவால் வரும் வலிக்கு அத்தகைய கணம் இல்லை. அது சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மெல்ல வளரும். பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கிக் கதகதப்பாகும். தோல் சிவக்கலாம் அல்லது கருமை படரலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கால் எலும்பு முறிந்த ஒருவருக்கு ஆறு வாரங்களுக்குப்பின் மாவுக்கட்டுப் பிரிக்கப்படுகிறது. நான்காம் நாள் அக்காலின் கெண்டைப்பகுதி வலிக்கிறது. நடைப்பயிற்சியால் வந்த சுளுக்கு என அவர் எண்ணுகிறார். மருத்துவர் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புமேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களின் சுற்றளவையும் அளக்கிறார். முறிந்த கால் 36.5 செ.மீ.; மற்றது 33 செ.மீ. வேறுபாடு 3 செ.மீ.க்கு மிகுந்தாலே ஐயம் வலுக்கும். இங்கே இன்னொன்றும் உண்டு. ஆறு வாரம் இயங்காத தசை மெலிந்திருக்கும். ஆகவே கட்டுப் பிரித்த கால் மற்றதைவிட ஒல்லியாக இருப்பதே இயல்பு. அது பருத்திருக்கிறது என்றால் உண்மையான வீக்கம் அளவுகோல் காட்டுவதைவிட மிகுதி. மாலையில் கணுக்கால் சற்று வீங்கி, காலை உயர்த்திப் படுத்தால் வடிவது வேறு. இவ்வீக்கமோ விடிந்தும் வடியவில்லை.

எனினும் தொட்டறிவதும் அளப்பதும் ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு தாரா. வீக்கமின்றியும் உறைவு இருக்கக்கூடும். மீயொலிக் கருவியால் அழுத்திப் பார்க்கும்போது நலமான சிரை தட்டையாகும். உறைகட்டி உள்ள சிரை தட்டையாகாது. மேற்கூறியவருக்கு அவ்வாறே சிரை தட்டையாகாமல் நின்றது. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து குறைந்தது மூன்று மாதங்களுக்குத் தரப்பட்டது.

ஐயம் தீரும்வரை எண்ணெய் தடவி அழுத்தி நீவுதல் கூடாது. பெயர்ந்த உறைகட்டி சிரைவழியே இதயத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடக்கூடும். கால் வலியோடு திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கையில் நெஞ்சுவலி, இருமலில் குருதி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். பயணம் முடிந்து சில வாரங்கள் கழிந்தும் உறைவு வெளிப்படலாம். ஆதலால் அண்மையில் கட்டுப் போட்டிருந்ததையோ நெடும்பயணம் சென்றதையோ மருத்துவர் வினவுமுன்னரே நோயாளி கூறிவிடுதல் நன்று.