ஒரே ஆஃபர், இரண்டு வாசகங்கள்: எது விற்றது என்று எப்படிச் சொல்வது?

கைத்தறிப் புடவைக் கடை ஒன்று ₹2,000 புடவையை ஒரு வாரத்துக்கு ₹1,600-க்குத் தருகிறது. பழைய வாடிக்கையாளர்கள் 10,000 பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எழுதிவைத்த வாசகங்கள் இரண்டு. ஒன்று, ‘₹2,000 கைத்தறிப் புடவை ₹1,600-க்கு. ஞாயிறு வரை.’ மற்றொன்று, ‘கைத்தறி இந்த விலைக்கா! ஞாயிறு வரை. உள்ளே பாருங்கள்.’ முதலாவது விலையைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது ஆவலைத் தூண்டிவிட்டு, விலையை லிங்குக்குள் வைத்திருக்கிறது. எது அதிகம் விற்கும் என்று கடையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று என அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுதான் ஏ/பி சோதனை. இது இணையத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ், ஒவ்வொரு விளம்பரத்திலும் அடையாளமிட்ட கூப்பன் வைத்து, எந்தக் கூப்பன் எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணும் முறையை 1923-இலேயே புத்தகமாக எழுதிவிட்டார்.

அனுப்புவது எளிது. வந்த எண்ணிக்கையை நம்பலாமா என்று பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், ஆட்களைப் பிரிப்பதில். வாடிக்கையாளர் பட்டியல் பெரும்பாலும் சேர்ந்த வரிசையில் இருக்கும். மேல் பாதிக்கு ஒன்று, கீழ் பாதிக்கு மற்றொன்று என்று பிரித்தால், ஒரு பக்கம் பல வருடமாக வருபவர்கள், மறுபக்கம் போன மாதம் சேர்ந்தவர்கள் என்று ஆகிவிடும். அப்போது அளப்பது வாசகத்தை அல்ல, ஆட்களை. எக்ஸெல் பட்டியலில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இதைப் போடுங்கள்:

```
=RAND()
```

இது ஒவ்வொரு வரிக்கும் ஒரு குருட்டு எண்ணைத் தரும். ஷீட்டில் எதைத் தொட்டாலும் அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அவற்றை நகலெடுத்து வெறும் மதிப்புகளாக ஒட்டிவிட்டு, அந்த வரிசைப்படி பட்டியலை அடுக்கி, முதல் 5,000 பேரை ஒரு குழுவாகவும் அடுத்த 5,000 பேரை மறு குழுவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் போக வேண்டும். நம் நாட்டில் வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை டிராய் விதிப்படி டிஎல்டி தளத்தில் முன்பே பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு ஒப்புதல் வந்து மற்றது நின்றுபோனால், வந்ததை மட்டும் சம்பளத் தேதியன்று அனுப்பிவிட்டு மற்றதைப் பத்து நாள் கழித்து அனுப்பத் தோன்றும். அப்படிச் செய்தால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். இரண்டுக்கும் ஒப்புதல் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டு வாசகங்களுக்கும் தனித்தனி கூப்பன் கோடு வையுங்கள். KT1, KT2 போல எந்த ஆசையும் காட்டாத கோடாக இருக்கட்டும். எஸ்எம்எஸ் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வருபவர்களிடமும் பில் போடுபவர் கோடு கேட்டுப் பதிய வேண்டும். விட்டுவிட்டால் அந்த விற்பனை எந்தக் கணக்கிலும் சேராது.

இனி முடிவைப் பார்ப்போம். கணக்கு புரிவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். முதல் வாசகத்தைப் பெற்ற 5,000 பேரில் லிங்கைத் தட்டியவர்கள் 300, வாங்கியவர்கள் 60. இரண்டாவதில் தட்டியவர்கள் 400, வாங்கியவர்கள் 64. இரண்டிலுமே இரண்டாவதுதான் முன்னால் நிற்கிறது. அது ஜெயித்துவிட்டதா?

கையாலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. இரு பக்க எண்ணிக்கையையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் அதைத் தாண்ட வேண்டும். இரண்டு வாசகங்களுக்கும் உண்மையில் ஒரே பலம்தான் என்றால், அதிர்ஷ்டத்தால் மட்டும் அந்த எல்லையைத் தாண்டுவது 100-க்கு 5 முறைதான் நடக்கும். இரு குழுக்களும் சம அளவில் இருந்து, தட்டுபவர்களும் வாங்குபவர்களும் சிறு பங்காக இருக்கும்போது இது நன்றாகவே பொருந்தும்.

கிளிக் கணக்கில் மொத்தம் 700. வர்க்கமூலம் சுமார் 26, அதன் இரு மடங்கு 53. வித்தியாசமோ 100. ஆக, ஆவல் தூண்டும் வாசகம் அதிகப் பேரைத் தட்டவைத்தது உண்மைதான். விற்பனையில் மொத்தம் 124. வர்க்கமூலம் சுமார் 11, இரு மடங்கு 22. வித்தியாசம் வெறும் 4. நாலு புடவை அதிகம் என்று இங்கே சொல்ல ஒன்றுமே இல்லை. நாளை இதையே திரும்பச் செய்தால் அந்த நாலு மறுபக்கம் போனாலும் ஆச்சரியமில்லை.

கிளிக் செய்தவர்களில் முதல் வாசகத்துக்கு 20 சதவீதம் பேர் வாங்கினார்கள், இரண்டாவதற்கு 16 சதவீதம்தான், ஆகவே முதலாவதே மேல் என்று ஒருவர் வாதிடலாம். அதுவும் தவறு. கிளிக் செய்தவர்கள் நாம் குலுக்கிப் பிரித்தவர்கள் அல்லர், வாசகமே பொறுக்கியெடுத்தவர்கள். விலை தெரியாமல் எட்டிப் பார்த்தவர்கள் அதிகம் இருந்தால் அந்தச் சதவீதம் தானாகக் குறையும். எப்போதும் அனுப்பிய 5,000 பேரை வைத்தே வகுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அவசரம்தான். எஸ்எம்எஸ் போன முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டாவது வாசகத்துக்கு 14 ஆர்டர், முதலாவதற்கு 5 என்று வந்திருக்கலாம். மொத்தம் 19, வர்க்கமூலத்தின் இரு மடங்கு கிட்டத்தட்ட 8.7. வித்தியாசம் 9, எல்லையைத் தாண்டிவிட்டது! அங்கேயே நிறுத்தி வெற்றி என்று அறிவித்திருந்தால், வார இறுதியில் 60-க்கு 64 என்று முடிந்தது யாருக்கும் தெரிந்திராது. 100-க்கு 5 என்ற உத்தரவாதம் ஒரே முறை, கடைசியில் பார்ப்பவருக்கு மட்டுமே. இடையிடையே ஐந்து முறை பார்த்து, தாண்டிய இடத்தில் நிறுத்துபவருக்குப் பொய்யான வெற்றி கிடைக்கும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 14 ஆகிவிடுகிறது. எந்த நாளில் கணக்கை முடிப்பது, கிளிக்கா விற்பனையா எதை வைத்துத் தீர்ப்பது என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே விளம்பரத் தொகுப்புக்குள் இரண்டு வாசகங்களையும் போட்டால், ஆரம்பத்தில் முந்தியதற்கே அந்த அமைப்பு பணத்தை அதிகம் திருப்பிவிடும். அங்கே உள்ள ஏ/பி சோதனை வசதியைப் பயன்படுத்தினால் ஒருவர் ஒரு வாசகத்தை மட்டுமே பார்ப்பார். அதிலும்கூட ஒவ்வொரு வாசகத்தையும் அதற்கு இசையக்கூடியவர்களாகத் தேடித்தான் காட்டும். ஆகவே இரு பக்கமும் பார்த்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் என்று சொல்ல முடியாது. அங்கே கிடைப்பது வாசகத்தின் பலமும் அமைப்பின் தேர்வும் கலந்த முடிவு.

எத்தனை பேருக்கு அனுப்பினால் போதும்? 1.2 சதவீத விற்பனையை 1.5 ஆக்கும் வாசகத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்க, பக்கத்துக்குச் சுமார் 24,000 பேர் தேவை. விற்பனையை இரட்டிப்பாக்கும் வாசகம் என்றால் 2,000 பேரே போதும். அதனால் சிறிய கடைக்காரர்கள் ஆச்சரியக்குறி, எமோஜி போன்ற சின்ன மாற்றங்களைச் சோதித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். அந்த வித்தியாசம் இருந்தாலும் 10,000 பேர் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. விலையைச் சொல்வதா மறைப்பதா என்பது போன்ற பெரிய வேறுபாட்டைச் சோதியுங்கள்.

நம் புடவைக் கடைக்கான தீர்ப்பு இதுதான்: கிளிக்கில் இரண்டாவது முந்தியது, விற்பனையில் வித்தியாசம் தெரியவில்லை. கடைக்காரர் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். நானாக இருந்தால், வாடிக்கையாளரைத் தேடவிடாமல் விலையை முதலிலேயே சொல்லும் வாசகத்தை அனுப்புவேன்.