கல் நெக்லஸுக்கு எவ்வளவு கிடைக்கும்?

ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட ஒன்றரை லட்சம் தேவை. பெட்டியில் போடாத கல் நெக்லஸ் ஒன்று, 2 பவுன், அதாவது 16 கிராம். 22 கேரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால் 1,44,000 வரும் என்றுதான் மனம் கணக்குப் போடும். ஆனால் கல்லும் அரக்கும் 2 கிராம் இருந்தால் தங்கம் 14 கிராம்தான், 1,26,000. வாங்கியபோது கொடுத்த செய்கூலி, சேதாரம், வரி எதுவும் திரும்பாது. கடைக்காரர் 2 சதவீதம் கழித்தால் கையில் 1,23,480.

ஹால்மார்க் இல்லாத பழைய நகையில் தரமும் குறையலாம். ஆகவே முதலில் தரப் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று கடைகளில் ஒரே நாளில் கேளுங்கள். பழைய நகைக்குப் புது நகை தரும் விலையையும் ரொக்க விலையையும் தனித்தனியே கேட்பது முக்கியம். முன்னது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், நமக்கு அது உதவாது. உருக்கச் சம்மதிக்கும் முன் விலையை எழுதி வாங்குங்கள். உருக்கியபின் பேரம் பேச முடியாது.

மீதி 26,520 ரூபாய்க்கு, சும்மா கிடக்கும் ஏர்கூலரையும் தையல் மெஷினையும் பார்க்கலாம். கூலரை மார்ச்சிலேயே விற்றுவிடுங்கள். மழை வந்தபின் பாதி விலைக்கும் ஆள் வராது.