ஓட்டை டப்பாவுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கணித மாதிரியாக்கச் செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போட, வழக்கமான விடைத்தாள் திருத்தும் முறை உதவாது. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்ட இரண்டு குழுக்கள் இரண்டு வேறு விடைகளோடு வந்து நிற்கலாம். இரண்டுமே நல்ல வேலையாக இருக்கலாம். சரியான விடையோடு வந்த மூன்றாவது குழு, அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாமல் விழிக்கலாம். இந்தச் சிக்கலுக்காக ஏற்பட்டதுதான் ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அளவுகோல். வேலையைச் சில கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எந்தத் தரத்துக்கு எது அடையாளம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது அதன் முறை. மாதிரியாக்கத்துக்குப் பெரும்பாலும் நான்கு கூறுகள் போதும்: அனுமானங்கள், மாதிரியின் தேர்வு, முடிவைச் சரிபார்த்தல், எடுத்துரைத்தல். மதிப்பெண்ணைக் கணக்குக்கு வெளியே இப்படிப் பகிர்வது புதுமையும் அல்ல. சர்வதேச பாக்கலரேட் பாடத்திட்டத்தில் கணித ஆய்வுக் கட்டுரைக்குள்ள 20 மதிப்பெண்ணில், கணிதத்தைப் பயன்படுத்தியதற்கு 6 மட்டுமே.

கூறுகளின் பெயரை எழுதுவது எளிது. கடினம், தரங்களை எழுதுவது. ‘அனுமானங்கள் மிக நன்று, நன்று, பரவாயில்லை’ என்று எழுதிய அளவுகோல் எதையும் அளப்பதில்லை. ஓர் ஆசிரியருக்கு மிக நன்றாகப் படுவது இன்னொருவருக்குப் பரவாயில்லை. தாளில் கண்ணால் காணக்கூடிய ஒன்றை ஒவ்வொரு தரமும் சுட்ட வேண்டும். எதைச் சுட்டலாம் என்பது ஒரு சிறிய செயல்திட்டத்தை எடுத்துக்கொண்டால் தெளிவாகும்.

அடிப்பக்கத்தில் ஓட்டை உள்ள ஒரு பாத்திரம் காலியாக எவ்வளவு நேரம் ஆகும்? இதுதான் கேள்வி. நேரான சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 10 செ.மீ. சுவரில், அடியை ஒட்டி, 4 மி.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு மேல் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். டப்பாவில் ஒட்டிய காகித அளவுகோலும் ஒரு நிறுத்துக்கடிகாரமும்தான் மற்ற கருவிகள். 30 நொடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்தால் 20, 14.5, 10, 6.2, 3.4 செ.மீ. என்பது போன்ற எண்கள் கிடைக்கும்.

முதலில் அனுமானங்கள். ‘குறைந்தது ஐந்து அனுமானங்கள் எழுத வேண்டும்’ என்று எண்ணிக்கை கேட்கும் அளவுகோல்கள் உண்டு. அப்படிக் கேட்டால் ஐந்து வரும்: டப்பா உடையாது, தண்ணீர் ஆவியாகாது, புவியீர்ப்பு மாறாது... எல்லாம் உண்மை, ஒன்றாலும் பயனில்லை. ஏனெனில் இவற்றில் எதையும் நீக்கிப் பார்த்தால் கணக்கில் ஒரு வரிகூட மாறாது. ‘எல்லா உயரத்திலும் டப்பாவின் குறுக்குப் பரப்பு ஒன்றே’ என்பது வேறு வகை. அதை எடுத்துவிட்டால் சமன்பாடே மாறிப்போகும். கீழே குறுகும் குடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ‘தண்ணீரின் பாகுநிலை புறக்கணிக்கத்தக்கது’ என்பதும் அப்படித்தான்; டப்பாவில் தேன் இருந்தால் கதையே வேறு.

ஆகவே இந்தக் கூறின் தரங்களை இப்படி எழுதலாம். அனுமானங்களைப் பட்டியலாகத் தருவது தொடக்க நிலை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வது அதற்கு அடுத்தது. அது கணக்கில் எந்த இடத்தில் பயன்பட்டது என்று காட்டுவது மூன்றாம் நிலை. அது தவறானால் விடை எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு நகரும் என்று சொல்வது உச்ச நிலை. ஓட்டையின் விட்டத்தை 4 மி.மீ. என்று கொண்டது தவறாகி, உண்மையில் அது 4.5 ஆக இருந்தால், காலியாகும் நேரம் ஏறத்தாழ 21 சதவீதம் குறைந்துவிடும். டப்பாவின் விட்டத்தில் 1 மி.மீ. பிசகினால் வருவது 2 சதவீத மாற்றம்தான். இதைக் கணக்கிட்ட குழு, எதைக் கவனமாக அளக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டுவிட்டது. பட்டியல் போட்ட குழுவுக்கு அது தெரியாது.

அடுத்தது மாதிரியின் தேர்வு. முதலில் யாருக்கும் தோன்றுவது நேர்கோடு: ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு நீர் வெளியேறுகிறது என்று கொள்வது. முதல் 30 நொடியில் 5.5 செ.மீ. இறங்கியதால், சுமார் 109 நொடியில் டப்பா காலியாக வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் இன்னும் 4 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கும். நீர் இறங்க இறங்க ஓட்டையில் அழுத்தம் குறைகிறது, வேகமும் தளர்கிறது என்பதை நேர்கோடு அறியாது. அடுத்த மாதிரி, இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதி. ஓட்டையிலிருந்து வெளிவரும் நீரின் வேகம், நீர்மட்டத்தின் உயரத்துக்கு வர்க்கமூல விகிதத்தில் இருக்கும் என்கிறது அது. இதிலிருந்து ஓர் அழகான விளைவு பிறக்கிறது. நேரான சுவருள்ள பாத்திரத்தில், உயரத்தின் வர்க்கமூலம் நேரத்தோடு சீராகக் குறைய வேண்டும். மேலே சொன்ன எண்களின் வர்க்கமூலங்கள் 4.47, 3.81, 3.16, 2.49, 1.84. ஒவ்வொரு 30 நொடிக்கும் 0.66 அளவில் இறங்குகிறது. உயரங்களோ 5.5, 4.5, 3.8, 2.8 என்று தாறுமாறாக இறங்கின.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கணினியில் கொடுத்து இதே புள்ளிகள்மேல் பொருத்தினாலும் கோடு கச்சிதமாகப் பொருந்தும். மூன்றாம் படி இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். வரைபடத்தை மட்டும் பார்த்தால் டொரிசெல்லியைப் பயன்படுத்திய குழுவையும் பொருத்தியைச் சொடுக்கிய குழுவையும் பிரித்தறிய முடியாது. அதனால் ‘மாதிரி தரவுக்குப் பொருந்துகிறது’ என்பதை உச்ச நிலையின் அடையாளமாக எழுதக்கூடாது. மாதிரியின் ஒவ்வொரு மாறிலியும் டப்பாவில் எதைக் குறிக்கிறது என்று சொல்வதும், குறைந்தது இன்னொரு மாதிரியை எடுத்துப் பார்த்துக் காரணத்தோடு விலக்கியிருப்பதும்தான் அடையாளம். கடினமான கணிதத்துக்குத் தனியாக மதிப்பெண் வைப்பதும் தவறு. வர்க்கமூலத்தோடு முடிகிற வேலையில் வகைக்கெழுச் சமன்பாட்டைத் திணிக்க அது மாணவர்களைத் தூண்டும்.

முடிவைச் சரிபார்த்தல்தான் நான்கில் கனமானது. பல ஆசிரியர்கள் இதற்கு இரட்டை மதிப்பு தருவதில் நியாயம் இருக்கிறது. டொரிசெல்லி விதியில் அளவுகளை நேரடியாகப் போட்டால், டப்பா காலியாக 126 நொடி என்று வருகிறது. டப்பாவின் பரப்பு ஓட்டையின் பரப்பைப் போல 625 மடங்கு, 20 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ 0.202 நொடி, இரண்டையும் பெருக்கினால் 126. அளந்த புள்ளிகளின் போக்கோ 204 நொடியைக் காட்டுகிறது. வடிவம் சரி, அளவு தவறு. பலவீனமான அறிக்கை இந்த இடத்தில் ‘அளவீட்டுப் பிழை’ என்ற ஒரே சொல்லில் தப்பித்துவிடும்.

நல்ல அறிக்கை இரண்டு விளக்கங்களை எதிரெதிரே நிறுத்தும். ஒன்று, ஓட்டை 4 மி.மீ. அல்ல. அப்படியானால் அது 3.15 மி.மீ. ஆக இருக்க வேண்டும், 4 மி.மீ. துளையாணி அந்த ஓட்டைக்குள் நுழைகிறதா என்று பார்த்தாலே இது தீர்ந்துவிடும். மற்றொன்று, ஓட்டை சரிதான், ஆனால் நீர்த்தாரை ஓட்டையைவிட ஒல்லியாகிறது. கூரான விளிம்புள்ள ஓட்டையை நோக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் வளைந்து வரும் நீர், வெளியேறிய உடனே குறுகுகிறது. அதனால் கணக்கிட்டதில் 0.62 பங்கு அளவே வெளிவரும் என்பது நீரியல் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த எண். 126ஐ 0.62ஆல் வகுத்தால் 203.2.

இத்தோடு சரிபார்த்தல் முடிந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. 0.62 என்ற கெழுவை இதே தரவிலிருந்து கண்டுபிடித்த குழு, இதே தரவோடு ஒப்பிட்டு ‘பொருந்துகிறது’ என்றால், அது தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டது போல. தோற்கக்கூடிய சோதனைதான் சோதனை. இன்னொரு டப்பாவில் 3 மி.மீ. ஓட்டை போட்டால் 362 நொடி ஆக வேண்டும் என்று முன்கூட்டி எழுதி வைத்துவிட்டு, பிறகு அளப்பது உண்மையான சரிபார்ப்பு. அந்தக் கணிப்பு பிசகினாலும் உச்ச மதிப்பெண் போகக்கூடாது. பிசகு எங்கே, ஏன் என்று பார்த்திருந்தால் போதும். கடைசி ஒரு சென்டிமீட்டரில் பிசகு நிச்சயம் வரும். நீர்மட்டம் ஓட்டையை நெருங்கும்போது தாரை அறுந்து சொட்டாகிறது. பரப்பு இழுவிசை அங்கே ஆட்சிக்கு வருகிறது. மாதிரி எதுவரை செல்லும் என்று எல்லை வகுத்து, ‘2 செ.மீ.க்கு மேல் மட்டும்’ என்று எழுதிய குழு, முழுவதும் பொருந்துகிறது என்று சாதித்த குழுவைவிட மேல்.

எடுத்துரைத்தலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வண்ணப் படங்களும் அட்டை அலங்காரமும் இதில் சேராது. அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றொரு குழு யாரையும் எதுவும் கேட்காமல் சோதனையைத் திரும்பச் செய்ய முடியுமா என்பது ஒரு சோதனை. உயரத்தை டப்பாவின் அடியிலிருந்து அளந்தார்களா, ஓட்டையின் மையத்திலிருந்து அளந்தார்களா என்ற ஒரு தகவல் விடுபட்டாலே திரும்பச் செய்ய முடியாது. விடையை எத்தனை இலக்கத்துக்குத் தந்தார்கள் என்பது இன்னொன்று. கை நிறுத்துக்கடிகாரத்தில் அளந்துவிட்டு ‘203.718 நொடி’ என்று எழுதுவது துல்லியம் அல்ல. அளந்த கருவியை மறந்த எழுத்து.

அளவுகோல் எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று, ஒரே தவறுக்கு நான்கு முறை தண்டனை தருவது. ஓட்டையைத் தவறாக அளந்த குழுவின் எண்கள் கடைசிவரை தவறாகத்தான் இருக்கும். அதற்கு ஒரே இடத்தில் குறைத்துவிட்டு, மீதி மூன்று கூறுகளில் அவர்களின் எண்ணையே வைத்துக்கொண்டு தர்க்கத்தைப் பார்க்க வேண்டும். இதை அளவுகோலின் மேலேயே ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது.

அளவுகோல் வேலை செய்கிறதா என்பதையும் சோதிக்கலாம். மூன்று அறிக்கைகளை இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே திருத்த வேண்டும். எந்தக் கூறிலாவது இருவருக்கும் இரண்டு நிலை இடைவெளி வந்தால், ஆசிரியர்களைச் சமாதானப்படுத்தி நடுவில் ஓர் எண்ணைப் போடுவது பயன் தராது. அந்தக் கூறின் வாசகம் இரண்டு விதமாகப் படிக்கப்படுகிறது. திருத்த வேண்டியது அதைத்தான். அந்தத் திருத்தமும் மாணவர்கள் டப்பாவில் ஓட்டை போடுவதற்கு முன்பே முடிந்து, அளவுகோல் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.